கதவு, யன்னல் செய்து கொடுத்துவிட்டுக் காசுக்கு அலைபவர்களுக்கு: இறுதிக் கோரிக்கைக் கடிதம் பற்றி ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளுக்கு வேலை செய்யும் தச்சர், மேசன், ஓடு பதிப்பவர், கண்ணாடிக்காரர் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் வேலை எடுக்கும் ஓர் ஒப்பந்தகாரர் என்னுடைய பட்டறைக்கு 385,000 ரூபா கொடுக்காமல் இழுத்தடித்தார். பெயரை ஏன் எழுதவில்லை என்பது கடைசியில் புரியும்.

எடுத்த வேலை ஐந்து கதவு, ஒன்பது யன்னல், எல்லாம் நிலையோடு. நிலைகளுக்கு முதிரை, கதவுகளுக்குத் தேக்கு. மொத்தம் 685,000 ரூபா. கட்டளைச் சீட்டில் ஒப்பமிட்ட அன்றே 250,000 முற்பணம் தந்தார். பொருள் போய் இறங்கிய பிறகு வங்கி மூலம் ஒரு 50,000 வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வாய்ச்சொல்தான்: "அண்ணை, வீட்டுக்காரர் கனடாவிலிருந்து இன்னும் அனுப்பவில்லை. வந்ததும் முதற்காசு உங்களுக்குத்தான்." நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார் என்றார். திருவிழா முடிந்தது, தேர் இருப்புக்குப் போனது, வீட்டுக்காரர் வரவில்லை.

இந்தக் கனடாக் கதையை நம்பி இரங்குபவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. கட்டளைச் சீட்டில் ஒப்பமிட்டவர் ஒப்பந்தகாரர், முற்பணம் அவருடைய கணக்கிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் அவருக்குக் கொடுத்தாரா இல்லையா என்பது அவர்கள் இருவருடைய பிரச்சினை. இதே ஆள் இன்னொருவரிடம், "சிட்டையை வீட்டுக்காரர் பெயரில் போடுங்கள், அனுப்ப வசதியாக இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். அப்படிப் போட்டால், நாளைக்கு யார் கடனாளி என்ற கேள்வியை நாமே அவருக்குச் செய்து கொடுத்ததாகிவிடும்.

அந்த வீட்டுக்கு ஓடு பதித்தவருக்கும் காசு வரவேண்டியிருந்தது. அவர் ஒன்றரை வருடம் பொறுத்திருந்து, இடையில் இரண்டு கடிதமும் அனுப்பிய பிறகுதான் சட்டத்தரணியிடம் போனார். அவருக்குக் கிடைத்த பதில் தலையில் இடி விழுந்தது போல இருந்தது: காலம் கடந்துவிட்டது. வழக்குத் தொடுக்கும் கால எல்லையை வகுக்கும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம் என்று அது சொல்வதைப் பலர் அறிவார்கள். விற்று ஒப்படைத்த பொருளுக்கும், கடைக்கடனுக்கும், செய்து கொடுத்த வேலைக்கும் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான் என்பதை அறிந்தவர்கள் குறைவு. நம் போன்ற தொழிலாளரின் காசு பெரும்பாலும் இந்த ஒரு வருடக் கூட்டுக்குள்தான் விழும். கோரிக்கைக் கடிதம் எத்தனை அனுப்பினாலும் அந்தக் கணக்கு நிற்காது. வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அல்லது கடனாளி கடனை ஏற்று எழுத்தில் ஒப்பமிட்டுத் தர வேண்டும். தொலைபேசியில் "தருகிறேன்" என்றது கணக்கில் வராது. கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினால் காலம் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் என் சட்டத்தரணி அந்த 50,000 ரூபாவை நம்பி ஒரு நாளைக்கூடக் கூட்டவில்லை. பொருள் ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணச் சொன்னார்.

கடிதத்தை நானே எழுதினேன், அவர் திருத்தினார். கூர்மையான வசனங்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு. 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல் போனது. பொலிஸில் கொடுப்பேன், முகநூலில் போடுவேன் என்பவையும் போயின. காசு கேட்கும் கடிதத்தில் மிரட்டல் இருந்தால் கடன்பட்டவர் முறைப்பாட்டுக்காரராகிவிடுவார் என்றார். இணையத்தில் எடுத்த மாதிரிக் கடிதத்தின் தலையில் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்றிருந்தது. அதையும் வெட்டினார். அது சமரசப் பேச்சுக்குரிய தலைப்பு. அப்படி எழுதிய கடிதத்தைப் பிறகு சான்றாகக் காட்ட முடியாமல் போகலாம். இந்தக் கடிதமோ நீதிபதி படிப்பதற்கென்றே எழுதப்படுவது.

திருத்தி முடித்து அனுப்பிய கடிதம் இது:

"பதிவுத் தபால், 02.09.2024.

ஐயா,

செலுத்தப்படாத மிகுதி ரூபா 385,000 தொடர்பான இறுதிக் கோரிக்கை.

04.12.2023 ஆம் திகதி தாங்கள் ஒப்பமிட்ட கட்டளைச் சீட்டின்படி, ஐந்து கதவுகளையும் ஒன்பது யன்னல்களையும் நிலைகளுடன் ரூபா 685,000 விலைக்குச் செய்துதர உடன்பட்டோம். அன்றே தாங்கள் ரூபா 250,000 முற்பணம் செலுத்தினீர்கள். பொருட்கள் யாவும் 12.02.2024 அன்று ஒப்படைக்கப்பட்டன; தங்கள் மேற்பார்வையாளர் ஒப்படைப்புச் சீட்டில் ஒப்பமிட்டுள்ளார். அன்றைய சிட்டையின்படி மிகுதி 26.02.2024 ஆம் திகதிக்குள் செலுத்தப்பட வேண்டியது. 22.04.2024 அன்று ரூபா 50,000 கிடைத்தது. இன்று வரை ரூபா 385,000 நிலுவையில் உள்ளது.

பொருட்களில் குறைபாடு உண்டு எனத் தாங்கள் இதுவரை எழுத்திலோ வாய்மொழியாகவோ அறிவிக்கவில்லை.

மேற்படி தொகை 20.09.2024 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.00 மணிக்கு முன்னர் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும் எனக் கோருகிறேன். தவறினால், மேலும் அறிவித்தல் இன்றி இத்தொகையையும் சட்டப்படியான வட்டியையும் வழக்குச் செலவையும் அறவிடச் சட்ட நடவடிக்கை எடுப்பேன். மேற்சொன்னவற்றில் எதையேனும் தாங்கள் மறுப்பின், அதே திகதிக்கு முன்னர் எழுத்தில் அறியத்தரவும்."

என் ஒப்பத்தின் கீழ் இணைப்புகள்: கட்டளைச் சீட்டு, ஒப்படைப்புச் சீட்டு, சிட்டை, வங்கிக் கூற்று. எல்லாம் பிரதிகள். மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

தவணை நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதலில் 'பதினான்கு நாட்களுக்குள்' என்றுதான் எழுதியிருந்தேன். "எந்த நாளிலிருந்து பதினான்கு? கடிதத் திகதியிலிருந்தா, அவர் கையில் கிடைத்த நாளிலிருந்தா?" என்று சட்டத்தரணி கேட்டார். பிறகு நாட்காட்டியைத் திருப்பினார். கடிதத் திகதியிலிருந்து எண்ணினால் 16 ஆம் திகதி திங்கட்கிழமை, மீலாத் விடுமுறை. அடுத்த நாள் போயா. விடுமுறையில் முடியும் தவணை, கடனாளிக்கு நாமே கொடுக்கும் சாட்டு. வெள்ளிக்கிழமைக்கு அப்பால் போனால் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல், ஊரே அந்தப் பரபரப்பில் இருக்கும். ஆகவே வெள்ளி, வங்கி முகப்பு மூடும் மூன்று மணி. நாளும் கிழமையும் நேரமும் எழுதிய பிறகு அதில் வளைக்க எதுவும் இருக்கவில்லை.

பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் மூலையில் ஊசியால் குத்தி வைத்தேன். தபால் கந்தோர் முத்திரையில் திகதி தெளிவாக விழாததைக் கவனித்து, திரும்பவும் ஒருமுறை குத்தித் தரும்படி கேட்டு வாங்கினேன். அலுவலர் முகம் சுளித்தார். பரவாயில்லை.

பதில் வரவில்லை. மூன்று மணி கடந்தது, கணக்கில் ஒரு சதமும் விழவில்லை. அந்த மௌனம் எனக்கு எரிச்சலாக இருந்தது, சட்டத்தரணிக்கோ திருப்தியாக இருந்தது. வியாபார விடயத்தில் ஒருவர் இன்னின்னது உண்மை என்று கடிதத்தில் எழுதினால், அதை மறுக்க நினைப்பவர் பதில் எழுத வேண்டும். பதில் எழுதாத மௌனத்தை அவருக்கு எதிராகவே நீதிமன்றம் பார்க்கலாம். சரவணமுத்து எதிர் டி மெல் என்ற பழைய தீர்ப்பை இதற்கு இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். குறைபாடு பற்றிய அந்தத் தனி வசனம் கடிதத்தில் ஏன் வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நேரே நீதிமன்றம் போக முடியாது. இந்த அளவு தொகைப் பிணக்கு முதலில் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்கை ஏற்கமாட்டார்கள். சபை வார இறுதியில் கூடும், ஓர் அமர்வில் முடியாது, எதிராளி வராவிட்டால் இன்னொரு நாள் போடுவார்கள். ஒரு வருடக் கணக்கில் இதற்கும் இடம் விட்டுத்தான் கடிதத்தைச் செப்டம்பரிலேயே அனுப்பினோம். 

சபை முன் அவர் புதுக்கதை ஒன்றை அவிழ்த்தார். யன்னல் பலகை வளைந்துவிட்டதாம், மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறதாம். பத்து மாதமாக ஒரு சொல் சொல்லாதவர்! அந்த வீட்டை நான் போய்ப் பார்த்தேன். யன்னலில் வளைவு இல்லை. மேலே தட்டு வெளியே நீட்டாமல் சுவரோடு வெட்டி நிற்கிறது, தண்ணீர் சுவர் வழியாகவே இறங்குகிறது. மேசன் வேலையின் குறையைத் தச்சன் தலையில் கட்டும் இந்த வித்தையைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். நிலையின் வெளிப்பக்க மூட்டு காய்ந்திருக்க, மேல் சுவரில் ஈரக்கோடு இறங்கியிருந்தால் குற்றம் மரத்தில் இல்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இணக்கம் ஏற்படவில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் 03.02.2025 அன்று முறைப்பாடு தாக்கல் செய்யப்பட்டது. மறுநாள் சுதந்திர தின விடுமுறை. ஒப்படைப்பு நாளிலிருந்து எண்ணிய வருடம் முடிய ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமிருந்தது. அழைப்பாணை போன பிறகு 200,000 ரூபா கட்டினார். கனடாவிலிருந்து அப்போது எப்படித்தான் காசு வந்ததோ தெரியவில்லை. மிகுதி 185,000 ரூபாவுக்கும் வட்டிக்கும் வழக்கு நடக்கிறது, மறுமொழியில் யன்னல் கதையே எழுதப்பட்டிருக்கிறது. வழக்கு முடியும் வரை பெயரை வெளியிட வேண்டாம் என்பது சட்டத்தரணியின் கட்டளை. அந்தப் பக்கத்தில் புது வீட்டு வேலைக்கு உங்களை ஒருவர் கூப்பிட்டு, சிட்டையை வெளிநாட்டிலுள்ள வீட்டுக்காரர் பெயரில் போடச் சொன்னால், கட்டளைச் சீட்டில் கூப்பிட்டவருடைய ஒப்பத்தை வாங்காமல் மரத்தில் வாளை வைக்க வேண்டாம்.