சுங்குடியா, நைட்டியா, சுடிதாரா: அடுப்படியில் நிற்கிறவளின் கணக்கு

மதுரை செல்லூரில் வீட்டு வாசலை ஒட்டி இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளனமே மூன்றரைக்கு எழுந்தால்தான் நாலரைக்கு முதல் ஈடு இறக்க முடியும். பத்தரைக்குத்தான் அடுப்பை அணைப்பேன். அந்த ஆறு மணி நேரமும் நின்றபடிதான். முன்னால் அடுப்பு, பக்கத்தில் சாம்பார் அண்டா, காலடியில் எப்போதும் ஈரம். இந்த இடத்தில் நின்று கடந்த ஏழு வருஷத்தில் நாலு விதமான உடுப்பையும் கட்டிப் பார்த்துவிட்டேன். எது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே கழித்துவிடலாம். பாலியஸ்டர், ஜார்ஜெட் சேலைகள். விசேஷங்களில் வந்த இந்தச் சேலைகளைத்தான் ஆரம்பத்தில் கடைக்குக் கட்டினேன். துவைத்து உதறினால் உடனே காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனால் விறகடுப்பிலிருந்து தெறித்த ஒரு பொறி முந்தானையில் விழுந்தது. பிறகு அந்தத் துளையைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பு முழுக்க உருகி, கறுத்து, கடுகு கடுகாக இறுகியிருந்தது. பருத்தியும் தீப்பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே அதை அடுப்படியை விட்டு எடுத்துவிட்டேன்.

கடையில் 'காட்டன்' என்று சொல்லித் தருவதெல்லாம் காட்டன் இல்லை. விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தரச் சொல்லி வெளியே வந்து கொளுத்திப் பார்ப்பேன். காகிதம் எரிந்த வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. நுனி சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு. நைட்டிக்கும் சுடிதாருக்கும் இதே சோதனைதான்.

மிச்சம் மூன்று: சுங்குடிச் சேலை, பாப்ளின் நைட்டி, காட்டன் சுடிதார்.

இவற்றில் எது பத்திரம் என்று பார்க்க, முதலில் அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரையில் அடுப்பு வைத்து உட்கார்ந்து சமைக்கிறவர்களுக்கு நைட்டிதான் ஆபத்து. அகலமான கீழ்ச்சுற்று உட்காரும்போது முன்னால் பரவி அடுப்பு வாய்க்குள் போகும். என்னுடையது இடுப்பு உயர மேடை அடுப்பு. அங்கே கீழ்ச்சுற்றுக்குப் பயமில்லை, மேலே தொங்குகிறதுதான் பயம். சேலையில் அது முந்தானை. ஆனால் முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கிச் செருகினால் அசையாது. சுடிதாரின் துப்பட்டாவுக்கு அப்படி ஒரு இடமில்லை. இரண்டு தோளிலும் பின் குத்தினாலும் குனியும்போது நடுப்பகுதி தொட்டில் மாதிரி முன்னால் தொங்கும். ஒரு தோளிலிருந்து குறுக்கே எடுத்து எதிர் இடுப்பில் முடிச்சுப் போட்டால்தான் நிற்கும். நைட்டிக்கு மேலே போடுகிற துண்டு இன்னும் மோசம். முடிச்சுப் போடவும் முடியாது, செருகவும் முடியாது, பத்து தடவை குனிந்தால் மூன்று தடவை நழுவும்.

தீயைவிட அடிக்கடி நடப்பது கொதிக்கிறது மேலே கொட்டுவது. இதில்தான் எனக்குச் சேலை மேல் நம்பிக்கை வந்தது. ஒரு வருஷம் மதினி உதவிக்கு வந்திருந்தார்கள், நைட்டியில். கொப்பரையை இறக்கும்போது வெந்நீர் தொடையில் கொட்டிவிட்டது. நனைந்த பருத்தி சூட்டைப் பிடித்துக்கொண்டு தோலோடு ஒட்டியிருக்கும், உடனே கழற்ற வேண்டும். ஆனால் நைட்டியைத் தலைவழியாகத்தான் கழற்ற வேண்டும். எதிரே ஏழெட்டுப் பேர் இட்லிக்கு நிற்கிறார்கள். மதினி துணியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கதவைச் சாத்தி, கழற்றுவதற்குள் தோல் கொப்பளித்துவிட்டது. தழும்பு இப்போதும் இருக்கிறது.

போன சித்திரையில் எனக்கு அதே மாதிரி சாம்பார் கொட்டியது. கொசுவம் ஏழெட்டு மடிப்பாக முன்னால் நின்றதால் முதல் சூட்டை அது வாங்கிக்கொண்டது. கொசுவத்தை ஒரே இழுப்பில் உருவி எறிந்தேன். உள்ளே பாவாடையும் மேலே ரவிக்கையும் இருந்ததால் யோசிக்கவே தேவைப்படவில்லை. குழாயடியில் இருபது நிமிஷம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலை நீட்டியிருந்தேன். பற்பசை, மை எதையும் தடவவில்லை. சிவந்ததோடு போயிற்று. இரண்டு நாளும் கொட்டிய அளவு ஒன்றில்லைதான். ஆனால் உருவி எறிகிற வேகம் வேறு எந்த உடுப்பிலும் இல்லை. (துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் பிய்த்து எடுக்கக் கூடாது. அப்படியே தண்ணீர் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.) நைட்டிதான் வசதி என்கிறவர்கள், கழுத்திலிருந்து இடுப்பு வரை பட்டனோ ஜிப்போ வைத்ததாக வாங்கி, உள்ளே பாவாடையும் கட்டிக்கொள்ளுங்கள். அப்போது அப்படியே கீழே இறக்கிவிடலாம்.

சரி, சேலை எங்கே தோற்கிறது? இடுப்பில். தினமும் ஒரே இடத்தில் நாடாவை இறுக்கி, அதன் மேல் கொசுவத்தையும் முந்தானையையும் செருகி, வேர்வையோடு ஆறு மணி நேரம் நின்றால் அந்தக் கோடு கறுக்கும், அப்புறம் தோல் உரியும். எனக்கு இடது பக்கம் முடிச்சு விழும் இடத்தில் புண்ணே வந்துவிட்டது. மாசக்கணக்கில் பவுடர் போட்டுச் சமாளித்தேன், அது தப்பு. நாடா உரசி ஆறாமலே கிடந்த புண், பல வருஷம் கழித்துப் புற்றாக மாறிய பெண்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான். ஆனாலும் இடுப்பில் ஒரு புண் சில வாரத்தில் ஆறவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

தையல்காரக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் பாவாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாடா கயிறு மாதிரி திரிஞ்சு கிடக்கு, இது அறுக்காம என்ன செய்யும்?" என்றார். கயிற்றை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலத்துக்கு இரட்டைத் துணியில் பட்டி வைத்து, பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கொக்கி போட்டுத் தந்தார். மாவு ஆட்டுகிற நேரம் தளர்வான கொக்கி, கடை நேரம் இறுக்கமானது. எடை ஒரே கோட்டில் விழாமல் பட்டி முழுக்கப் பரவுகிறது. புண் ஆறி இரண்டு வருஷமாகிறது. பாவாடைத் துணி பருத்தியாக இருக்கட்டும். சாட்டினில் சேலை நழுவும், நழுவுகிறதே என்று இன்னும் இறுக்கிக் கட்டுவோம்.

இந்த ஒரு விஷயத்தில் நைட்டிதான் ராணி. இடுப்பில் எதுவுமே இல்லை, காற்று கீழிருந்து மேலே ஏறும். சுடிதாருக்குப் பேண்டின் நாடாவை எடுத்துவிட்டு அகல எலாஸ்டிக் வைத்தால் போதும்.

காலடி ஈரத்துக்குச் சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்டுகிறேன். கடைச் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதில்லை. ஃபால்ஸ் துணி ஈரத்தைக் குடித்துக் கனக்கும். நனைக்காமல் தைத்திருந்தால் முதல் துவைப்பில் சுருங்கி, கீழ் ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். சுடிதார் பேண்டின் கால் நனைந்தால் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு கடை முடிகிற வரைக்கும் காயாது. முழங்காலுக்குக் கீழே முக்கால் அளவில் நிற்கிற பேண்டாகத் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சில்லறைக்குச் சேலையில் சுருக்குப்பை இருக்கிறது. நைட்டிக்கும் சுடிதாருக்கும் பக்கத் தையலில் பாக்கெட் வைக்கச் சொல்ல வேண்டும். செல்போனும் சேர்த்துப் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும், அவ்வளவுதான்.

காயவைப்பதில் சுங்குடிக்கு நிறைய இடம் வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை, அதோடு பாவாடை. வெயில் காலத்தில் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் போட்டால் சாப்பிட்டு எழுந்ததும் எடுத்துவிடலாம். உடுத்தியது ஒன்று, காய்வது ஒன்று, மடித்தது ஒன்று என்று மூன்று போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று காணாது. ஈரவாடையோடு கட்டினால் தொடையிடுக்கில் படை வந்துவிடும். அந்த இரண்டு மாசமும் பாதி நாள் நான் நைட்டிக்கு மாறுகிறேன். துணி குறைவு, மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும்.

சுங்குடி என்றதும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதைத்தான் வாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடி, நம்ம ஊர்ச் சௌராஷ்டிரப் பெண்கள் புள்ளி புள்ளியாக நகத்தில் கிள்ளி நூலால் கட்டுவது. அந்தச் சேலையை விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் லேசாகப் புடைத்து நிற்கும், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அத்தனை வேலையைச் சாம்பார்க் கறைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. கடைக்கு அச்சுப் போட்ட சுங்குடியே போதும். நான் கடைசியாக எடுத்தது 650 ரூபாய். அரக்கு, கரும்பச்சை மாதிரி அடர் நிறமாக எடுப்பேன். சாம்பார்த் தெறிப்பும் தெரியாது, மாசத்தில் அந்த மூன்று நாளும் கவலையில்லாமல் நிற்கலாம். முதல் மூன்று துவைப்பு தனியாகத்தான், சாயம் இறங்கும். கஞ்சி ரொம்ப நீர்க்கப் போட வேண்டும். கெட்டியாகப் போட்டால் துணியின் கண் அடைந்து காற்று புகாது.

அடுப்பே இல்லாத கடை என்றால் என் கணக்கு மாறிவிடும். மதினி இப்போது தெருமுனையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, தக்காளியைப் பொறுக்கக் குந்தி குந்தி எழ வேண்டும். ஸ்கூட்டர் சக்கரத்தில் முந்தானை சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு முக்கால் பேண்ட் சுடிதார்தான் சரி. துப்பட்டாவை அறவே விட்டுவிட்டு, மேலே மாமாவின் பழைய காட்டன் சட்டையைப் பட்டன் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வெயில் கையில் படுவதில்லை. அந்தச் சட்டைப் பையில்தான் சில்லறை.