செக்கைப் பார்த்து வாங்கினேன், கொப்பரையைப் பார்க்காமல் விட்டேன்

கார்த்திகையில் தென்காசி ரோட்டில் ஒரு கடையில் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். வாசலிலேயே மரச்செக்கு ஓடியது. கண் முன்னால் ஆட்டுகிறார்களே என்று வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அம்மா அவியல் இறக்கி, மேலே பச்சை எண்ணெய் ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் சோப்பைக் கடித்தது போல இருந்தது. காறிப்போயிருந்தது. தாளிக்க ஊற்றினால் நுரை பொங்கித் தெறித்தது. தலைக்குத் தேய்த்த தங்கச்சியின் தலையணை உறை துவைத்த பிறகும் சிக்கு வாடை போகவில்லை.

திரும்பப் போனேன். "செக்கு எண்ணெய்னா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். பணம் தரவில்லை. அன்றைக்குத்தான் உள்ளே இருந்த சாக்கைப் பார்த்தேன். கொப்பரை காகிதம் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தேன். ஒடியாமல் வளைந்தது. மூக்கருகே கொண்டு போனால் தீக்குச்சி உரசிய வாடை. கந்தகப் புகை போட்டது.

அடைமழையில் கொப்பரை காயாது, பூசணம் பிடிக்கும். அதை அடக்கவும் நிறத்தை வெளுக்கவும்தான் இந்தப் புகை. ஆனால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரம்தான் எண்ணெயைச் சிதைத்து சோப்பு வாடையைக் கொண்டுவருகிறது. பெரிய ஆலையில் சுத்திகரிக்கும்போது அந்தப் புளிப்பையும் வாடையையும் எடுத்துவிடுவார்கள். செக்கில் அதற்கு வழியே கிடையாது. கொப்பரையில் இருக்கும் குறை அப்படியே எண்ணெயில் இறங்கும். மரச்செக்கு என்ற பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம், அந்தக் கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி, வெயில் விழும் தட்டில் அடுக்கியிருந்தார்கள். ஆட்டிய தேதியும் இல்லை, பதினாலு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை.

தை பிறந்து நல்ல வெயில் வந்ததும், கொப்பரையை நாங்களே வாங்கினோம். ஒடித்தால் 'டொப்'பென்று ஒடிந்தது, உள்பக்கம் லேசான பழுப்பு, பச்சையோ கறுப்போ பூசணம் இல்லை. பத்து கிலோவை வேறு செக்கில் கொடுத்து ஆட்டினோம். ஆறரை லிட்டர் கிடைத்தது. அதாவது ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிலோ கொப்பரை போகிறது. ஒன்றரை கிலோ கொப்பரை விலையைவிடக் குறைவாக ஒரு லிட்டரை விற்றால், நல்ல கொப்பரையில் ஆட்டியதாக இருக்க முடியாது. நான் வாங்கிய எண்ணெய் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை, அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கசடு தெளிய வைத்து, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் மூடி வைத்திருக்கிறோம். சமையலுக்கும் தலைக்கும் அதுவே. பழைய எண்ணெயில் மிஞ்சிய மூன்று லிட்டர் விளக்குக்குப் போகிறது.