இட்டாலிக் பயிற்சிக்குக் கோடு: பிரிண்ட் எடுப்பதா, தாள்தோறும் போடுவதா, அடித்தாள் வைப்பதா?

பட்டை நிப் பேனாவால் சாய்வாக எழுதும் ஆங்கில அழகெழுத்தான இட்டாலிக்கை எழுதிப் பழக மூன்று வழிகள் உண்டு. கோடு போட்ட பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அதன் மேலேயே எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கோடு போடலாம். இல்லையென்றால் கறுப்பாகக் கோடு போட்ட ஒரே தாளை அடியில் வைத்து, மேலே வெள்ளைத் தாளைப் போட்டு எழுதலாம். நான் மூன்றாவது கட்சி.

பிரிண்ட் எடுப்பதில் வேலை மிச்சம், செலவும் பெரிதில்லை. ஆனால் அளவு கெடுகிறது. இட்டாலிக்கில் சிறிய எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப் போல ஐந்து மடங்கு. நிப் அகலம் 2.4 மி.மீ. என்றால் 12 மி.மீ. பிரிண்டர் பக்கத்தை ஓரத்துக்குள் அடக்க 97 சதவீதமாகக் குறைத்தால் அது 11.6 ஆகும். இது பெரிய தவறில்லை. அந்தப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, அதிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு சுருங்கினால் 11 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். இப்போது உயரம் நாலரை நிப்தான். எழுத்து தடித்து, என், எச் போன்றவற்றின் உள்வெளி அடைபடும். பழகுபவர் கையைக் குறை சொல்வார். குற்றம் தாளில் இருக்கும். சாய்வுக் கோணம் மட்டும் மாறாது, ஏனென்றால் அகலமும் உயரமும் சேர்ந்தே சுருங்குகின்றன. அதனால்தான் பார்வைக்குத் தாள் சரியாகவே தெரிகிறது. பிரிண்ட்தான் வேண்டுமென்றால் `Actual size` தேர்ந்தெடுத்து, பக்க ஓரத்தில் 100 மி.மீ. சோதனைக் கோடு ஒன்று சேர்த்து, வந்த தாளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. லேசர் டோனர் பிளாஸ்டிக் மாதிரி. தண்ணீர் மை அதன் மேல் ஒட்டாமல், கோட்டைத் தாண்டும் இடத்தில் இழுப்பு விட்டுவிடும்.

அடித்தாளை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும், அதனால் கவனமாக வரையலாம். முதலில் நிப்பின் உண்மையான அகலத்தைப் பாருங்கள். எழுதப்போகும் அதே தாளில், அதே மையில், பேனாவை நிமிர்த்திப் பிடித்துப் பத்துச் சதுரங்களைப் படிக்கட்டுபோல் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். மொத்த உயரத்தில் பாதிதான் சிறிய எழுத்தின் உயரம். ஐந்து சதுரத்தை மட்டும் வைத்து அளந்தால் பிழை கூடுதலாகத் தெரியும்.

12 வந்தது என்று வைத்துக்கொள்வோம். எச் போன்றவை மேலே நீளும் மேல்கால், எழுத்தின் உடல், ஜி போன்றவை கீழே நீளும் கீழ்க்கால் மூன்றுக்கும் தலா 12. ஒரு வரிக்கு 36. ஏ4 தாளில் மேலே 20 மி.மீ. விட்டால் ஏழு வரி அடங்கும். ஸ்கேலை நகர்த்தாமல் 20, 32, 44 என்று 272 வரைக்கும் இரு ஓரங்களிலும் புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தி அளந்தால், ஒரு கோட்டுக்கு அரை மி.மீ. பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்து, 21 இடைவெளி முடிவதற்குள் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும்.

சாய்வுக்கு 7 பாகை போதும். வீட்டில் யாராவது பாலிடெக்னிக் படித்துவிட்டுப் போட்ட மினி டிராஃப்டர் கிடந்தால் தலையை 7 பாகை திருப்பினால் வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் கவலையில்லை: முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே 252 மி.மீ.; கீழ்ப்புள்ளி மேல்புள்ளியைவிட 31 மி.மீ. இடப்பக்கம் இருந்தால் 7 பாகை வந்துவிடும். அடுத்தடுத்த சாய்வுக் கோடுகளுக்கு நடுவே 25 மி.மீ. விடுங்கள். எழுத்தின் அகலத்துக்கே நெருக்கிப் போட்டால் ஐ-யும் எம்-மும் ஒரே கூண்டில் அடைபட்டு, இடைவெளி கெட்டுவிடும். சாய்வுக் கோடு திசை காட்டத்தான், அதன் மேலேயே எழுத அல்ல.

கோடுகளை 0.5 ஜெல் பேனாவால் போடுங்கள். அதைவிட மெல்லியது 75 ஜிஎஸ்எம் தாள் வழியே சரியாகத் தெரியாது. இரு தாளையும் மேல் ஓரத்தில் கிளிப் போட்டுப் பிடிக்கவும். எழுதி முடித்துத் தாளை உருவினால் கோடில்லாத பக்கத்தில் எழுத்து மட்டும் நிற்கும், சாய்வு எங்கே தடுமாறியது என்று உடனே தெரியும். திரும்ப அடித்தாளின் மேல் வைத்தால் எத்தனை பிசகு என்றும் தெரியும். இந்த வசதி பிரிண்ட் தாளில் இல்லை.

ஏற்காட்டில் மூடுபனி நாட்களில் இந்த வழி கொஞ்சம் தகராறு செய்யும். மெல்லிய தாள் ஈரம் வாங்கி நெளிந்தால் அடித்தாளிலிருந்து தூக்கிக்கொள்ளும். பார்க்கும் கோணத்துக்கேற்பக் கோடு நகர்வதுபோல் தோன்றும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்து, எழுதும்போது மட்டும் எடுங்கள். நாலு ஓரமும் கிளிப் போடுங்கள். கீழே சேலத்து வெயிலில் இந்தப் பிரச்சினை குறைவு.

100 ஜிஎஸ்எம்மைத் தாண்டினால் அடித்தாள் சரியாகத் தெரியாது. கீழிருந்து விளக்கு வேண்டும், இல்லையேல் பென்சில்தான். வாழ்த்து அட்டை மாதிரித் தடித்த தாளில் கடைசிப் பிரதி எழுதும்போது பென்சில் கோடே சரி. எச்பி பென்சிலைக் கூராக்கி, அழுத்தாமல் போடுங்கள். கடினப் பென்சிலை அழுத்தினால் பள்ளம் விழும், நிப் அதில் தடுக்கும். மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பரை எடுக்கவும்.