லெஜெண்டா, கோட்டின் பக்கத்திலேயே பெயரா?

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022, 2023 பணவீக்கம்: மொத்தம், உணவு, உணவல்லாதவை என்று மூன்று கோடுகள். எங்கள் அலுவலக அறிக்கைக்காக இதை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு, லெஜெண்டையும் கிரிட் கோடுகளையும் எடுத்துவிட்டேன். பெயர்கள் இப்போது கோடுகளின் பக்கத்திலேயே இருக்கின்றன.

லெஜெண்ட் இருந்தால் எந்தக் கோடு எது என்று கண் கீழே போய்த் திரும்ப வேண்டும். அது தெரிந்த விஷயம்தான். கூட்டத்தில் கைக்கு வருவது கறுப்பு வெள்ளை போட்டோகொப்பி என்றால் இன்னும் மோசம், நீலமும் செம்மஞ்சளும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடலாம்.

ஆனால் பெயரை எங்கே, எப்படி வைப்பது என்று நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்து. லெஜெண்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை, புது மாதம் சேர்த்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். பெயரை டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதி ஒட்டினால், அளவுகோல் மாறியதும் கோடு நகரும், பெயர் நகராது. வழக்கமாகச் சொல்வதுபோல வலது முனையில் வைத்தாலும் இங்கே சரிவராது. 2023 முடிவில் மூன்று கோடுகளும் நெருங்கிவிடுவதால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். புது மாதம் சேர்த்தால் லேபிள் பழைய கடைசிப் புள்ளியிலேயே நின்றும்விடும்.

அதனால் உச்சியில் வைத்தேன். 2022 செப்டெம்பரில் உணவு 94.9%, மொத்தம் 69.8%, உணவல்லாதவை 57.6%. கோடுகள் நன்றாக விலகி நிற்கும் இடம் அதுதான், வரைபடம் சொல்ல வந்த கதையும் அங்கேதான் இருக்கிறது. எக்செலில் கோட்டை ஒருமுறை கிளிக் செய்து, அந்தப் புள்ளியை மறுபடி கிளிக் செய்தால் அது மட்டும் தெரிவாகும். வலது கிளிக்கில் `Add Data Label` கொடுத்து, `Format Data Label` உள்ளே `Series Name`, `Value` இரண்டையும் டிக் செய்தால் போதும். எழுத்துக்கும் கோட்டின் நிறத்தையே கொடுங்கள். லேபிள் புள்ளியோடு கட்டுண்டது, அளவுகோல் மாறினாலும் கூடவே போகும். கடைசியில் புது மாதங்கள் சேர்ந்தாலும் செப்டெம்பரிலேயே இருக்கும். பழைய மாதங்களை வெட்டி 24 மாத ஓட்டமாக வைப்பவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் லேபிள் சரியான மாதத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிரிட் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு: பூச்சியக் கோட்டை எடுக்காதீர்கள். 2023 இன் பிற்பகுதியில் உணவுக் கோடு அதற்குக் கீழே இறங்குகிறது, அந்தக் கோடு இல்லாவிட்டால் விலை குறைந்தது தெரியாது. ஏதாவது ஒரு மாதத்தின் எண்ணைத் தேடுபவருக்கு மங்கலான கிரிட் உதவும்தான், ஆனால் அவருக்கு வரைபடத்தைவிட அட்டவணை நல்லது.

ஏழெட்டுக் கோடுகள் பின்னிக்கிடக்கும் வரைபடங்களை நான் அதிகம் செய்ததில்லை. அங்கே லெஜெண்டே லேசாக இருக்கலாம். அல்லது முக்கியமான ஒன்றிரண்டுக்குப் பெயர் கொடுத்து, மற்றவற்றைச் சாம்பலாக்கிவிடலாம்.