இரவு ஏழு மணிக்குப் பூட்டு எங்கே போடுவது: டொமைனிலா, ரோஸ்டரிலா?

வைத்தியசாலை வோட்டில் காலை ஷிப்ட் 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் மறுநாள் காலை 7. கடமையில் இல்லாதவர் நோயாளர் பதிவுக்குள் நுழையக்கூடாது என்று நிர்வாகம் சொன்னால், பூட்டை ஊழியர் கணினிக்குள் நுழையும் விண்டோஸ் டொமைன் கணக்கில் போடலாம், அல்லது நோயாளர் பதிவு மென்பொருளே ரோஸ்டர் எனும் கடமைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க விடலாம்.

டொமைன் வழிக்குக் காசு செலவில்லை. கணக்கின் `logonHours` பகுதியில் வாரத்தின் 168 மணித்தியாலங்களுக்கும், நுழையலாமா கூடாதா என்று சொல்லும் பிட் தலா ஒன்று இருக்கிறது. ஆனால் அது UTC எனும் உலகப் பொது நேரக் கணக்கு, இலங்கையில் நமக்கோ +5:30. இரவு 7 மணி என்பது அங்கே 13:30, அதாவது ஒரு பிட்டின் நட்டநடு. அந்தப் பிட்டைத் திறந்தால் 6.30க்கே கதவு திறக்கும், மூடினால் 7.30 வரை திறக்காது. (2006 ஏப்ரல் வரை நம் நேரம் +6:00 ஆக இருந்தது; அப்போது இந்தத் தலையிடி வந்திருக்காது.) அமைக்கும் திரையில் பெட்டிகள் முழு மணியாகவே தெரியும். அதை நம்பாமல், சோதனைக் கணக்கொன்றில் 6.35க்கும் 7.05க்கும் நுழைந்து பாருங்கள்.

இன்னொன்று, இது புதிதாக நுழைவதை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே கணினியில் இருப்பவரை அப்படியே விட்டுவிடும். நேரம் முடிந்ததும் வெளியேற்றும் கொள்கை ஒன்று இருக்கிறது; அது சேர்வரிலுள்ள பகிர்வுக் கோப்புத் தொடர்பைத்தான் அறுக்கும், திரையை அல்ல.

ரோஸ்டர் வழியில் நிமிடக் கணக்கு சரியாக வரும். தொடக்கம், முடிவு இரண்டையும் திகதியோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். வெறும் 19:00, 07:00 என்று வைத்து "இரண்டுக்கும் இடையிலா?" என்று கேட்டால் நைட் டியூட்டிக்காரர் எவருமே நுழைய முடியாது. பொறுப்புக் கையளிக்கும் நேரத்துக்காக முன்னும் பின்னும் 30 நிமிடம் விட்டுவிடுங்கள்.

இதன் பலவீனம் ரோஸ்டரே. நான் வேலை பார்த்த ஒரு வைத்தியசாலையில் இரண்டு தாதியர் போனில் ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள். கொப்பியில் எழுதியாயிற்று, சிஸ்டத்தில் ஏறவில்லை. இரவு 7.10க்கு அழைப்பு: "தம்பி, உள்ளே விடுதில்லை, ஊசி நேரமாச்சு." நான் திருத்துவதற்குள் அவர் பின்னேர ஷிப்ட்காரரின் கடவுச்சொல்லில் நுழைந்துவிட்டார். மருந்து கொடுத்தது வீட்டுக்குப் போனவர் என்று பதிவாயிற்று. ஷிப்ட் மாறும் வேளையில் ஒரே பெயர் இரண்டு கணினிகளில் இருந்தால் இதுதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே வோட்டுக்கு என் தெரிவு ரோஸ்டர் வழி, ஆனால் அடித்துச் சாத்தும் பூட்டாக வேண்டாம். கடமை நேரம் இல்லையென்று எச்சரித்து, காரணத்தை எழுத வைத்து, உள்ளே விட்டு, மேற்பார்வையாளருக்கு உடனே தகவல் அனுப்பினால் போதும். டொமைன் பூட்டைக் கணக்குப் பிரிவுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வேலை தொடங்குவது 8.30க்கு, UTCயில் சரியாக 03:00.