இலவச வெபினார் விளம்பரம்: உடனடிப் படிவமா, தனிப் பக்கமா?

இலவச வெபினாருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் வழியாக ஆள் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. தட்டியதும் ஆப்புக்குள்ளேயே திறக்கும் உடனடிப் படிவம் ஒன்று. நம் இணையப் பக்கத்துக்கு வரவழைத்து, அங்கே பெயரையும் மின்னஞ்சலையும் டைப் செய்ய வைப்பது இன்னொன்று. பதிவுச் செலவை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் படிவமே மலிவு. வந்து உட்கார்ந்தவர்களை எண்ணினால் கதை மாறலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. இரண்டு வழிக்கும் தலா 10,000 ரூபாய் செலவழிக்கிறோம். படிவத்தில் 250 பேர் பதிகிறார்கள், ஒரு பதிவுக்கு 40 ரூபாய். பக்கத்தில் 125 பேர், ஒரு பதிவுக்கு 80 ரூபாய். இதோடு நிறுத்தினால் பக்க விளம்பரத்தை நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் நிகழ்ச்சிக்கு வந்தது படிவத்திலிருந்து 30 பேர், பக்கத்திலிருந்து 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வருகைக்குப் படிவத்தில் 333 ரூபாய், பக்கத்தில் 250 ரூபாய்.

காரணம் படிவத்தின் வசதியிலேயே இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், போன் எண் எல்லாம் தானாகவே நிரம்பிவிடும். அந்த மின்னஞ்சல், ஃபேஸ்புக் கணக்கு திறந்தபோது கொடுத்து, பிறகு யாரும் திறந்தே பார்க்காத முகவரியாகவும் இருக்கலாம். நாம் அனுப்பும் லிங்க் அங்கேதான் போய்ச் சேரும். இன்னொரு சிக்கல், படிவத்தில் பதிந்தவர் தானாக ஜூமில் பதிவாக மாட்டார். இரண்டையும் இணைக்காவிட்டால் பட்டியலை நாமே இறக்கி ஏற்ற வேண்டும்.

சரி, படிவத்தைக் கைவிட வேண்டுமா? போன் எண் கிடைப்பது அதன் பெரிய பலம். அனுமதி கேட்டு, பதிந்த உடனேயும் நிகழ்ச்சிக்குச் சற்று முன்பும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்ப முடிந்தால் படிவத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பேன். அப்போதும் Higher intent வகையையே எடுப்பேன். அனுப்பும் முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு திரை அதில் கூடுதலாக வரும். பதிவு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் பின்தொடர ஆளில்லை என்றால் தனிப் பக்கம்தான்.

அளப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஜூமின் வருகை அறிக்கையில், இணைப்பு அறுந்து திரும்ப நுழைந்தவர் இரண்டு வரிகளாகத் தெரிவார். மின்னஞ்சலை வைத்து ஒன்றாக்கி, நிமிடங்களைக் கூட்ட வேண்டும். எட்டிப் பார்த்துப் போனவரைக் கழிக்க, நான் 10 நிமிடத்தை எல்லையாக வைப்பேன். பிறகு பதிவுப் பட்டியலோடு பொருத்தி, யார் எந்த வழியாக வந்தார் என்று பிரிக்கலாம்.

இரண்டு விளம்பரங்களும் ஒரே நாட்களில் ஓட வேண்டும். பத்து நாள் முன்பே பதிந்தவர் மறந்துபோக நேரம் அதிகம். முந்தின நாள் பதிந்தவரோடு அவரை ஒப்பிட்டால், நாம் அளப்பது விளம்பர வழியை அல்ல, நாள் இடைவெளியை. அப்புறம், 30க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. இன்னும் இரண்டு வெபினார்களில் அதே திசை தெரிந்த பிறகு பட்ஜெட்டை மாற்றுங்கள்.