ஒரே அளவு பேட்டரி, இரண்டு கார்கள்: ஐயோனிக்கும் கோனாவும் எந்த வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடும்?

பேட்டரி பெரிதானால் தூரமும் கூடும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதிக்க, ஹூண்டாய் நிறுவனத்தின் இரண்டு மின்கார்கள் பொருத்தமானவை. 2019-இல் ஐரோப்பாவில் வந்த ஐயோனிக்கின் பேட்டரி 38.3 கிலோவாட்-மணி, அதே ஆண்டு இந்தியாவிலும் அறிமுகமான கோனாவின் பேட்டரி 39.2 கிலோவாட்-மணி. இரண்டின் மோட்டாரும் 100 கிலோவாட் திறனுடையது; எடையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஐயோனிக் தாழ்ந்து சரிந்த உடலமைப்பும் 0.24 என்ற காற்றுத்தடைக் குணகமும் கொண்டது. கோனா சற்றே உயர்ந்த எஸ்யூவி, அதன் குணகம் 0.29.

ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம் மூன்று கூறுகளால் ஆனது. டயர் உருளும்போது ஏற்படும் தடை வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். ஏசி முதலியவை மணிக்கணக்கில் மின்சாரம் குடிப்பவை என்பதால், மெதுவாகப் போகும்போதுதான் அவற்றின் பங்கு பெரிது. வேகம் மீட்டர்/நொடியிலும் விசை நியூட்டனிலும் இருந்தால், விசையை 3.6-ஆல் வகுத்தாலே கிலோமீட்டருக்கான வாட்-மணி கிடைத்துவிடும்.

```
Wh/km = (m·g·Crr + 0.5·ρ·Cd·A·v²) / 3.6 / η + P/(km/h)
```

இதில் g புவியீர்ப்பு முடுக்கம், Cd காற்றுத்தடைக் குணகம், v வேகம். ஆட்களோடு சேர்த்து எடை m 1,680 கிலோ, உருளல் குணகம் Crr 0.010, காற்றின் அடர்த்தி ρ 1.2, பேட்டரியிலிருந்து சக்கரம் வரையிலான திறன் η 88%, ஏசிக்கு ஆகும் P 1,000 வாட், முகப்புப் பரப்பு A ஐயோனிக்குக்கு 2.2, கோனாவுக்கு 2.4 சதுர மீட்டர் என்று நான் எடுத்துக்கொண்டேன். சமதளச் சாலையில், சீரான வேகத்தில் வரும் விடை இது:

| வேகம் (கி.மீ./மணி) | ஐயோனிக் | கோனா |
|---|---|---|
| 60 | 96 வாட்-மணி, 397 கி.மீ. | 105 வாட்-மணி, 372 கி.மீ. |
| 90 | 126 வாட்-மணி, 305 கி.மீ. | 145 வாட்-மணி, 269 கி.மீ. |
| 120 | 171 வாட்-மணி, 223 கி.மீ. | 207 வாட்-மணி, 190 கி.மீ. |

சிறிய பேட்டரி உள்ள கார்தான் எல்லா வேகத்திலும் முந்துகிறது என்பதை விட, அந்த முந்தல் 60-இல் சுமார் 7 விழுக்காடாக இருந்து 120-இல் 17 விழுக்காடாக வளர்வதே கவனிக்கத்தக்கது. நகருக்குள் மட்டும் ஓட்டுபவர் கோனாவின் உயரத்துக்காகப் பெரிதாக எதையும் இழப்பதில்லை. நெடுஞ்சாலையில் வாழ்பவர் இழக்கிறார்.

இனி, அறிவிக்கப்பட்ட தூரங்களை இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கோனாவுக்கு இந்தியச் சோதனை தந்த எண் 452 கி.மீ. 39,200-ஐ 452-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 87 வாட்-மணி வருகிறது. மேற்கண்ட கணக்கில் அது, ஏசியை அணைத்துவிட்டு 60-க்கும் சற்றுக் குறைவான சீரான வேகத்தில் போவதற்கு ஒப்பாகும். அதே காருக்கு ஐரோப்பாவில் 2018-இல் திருத்தி அறிவிக்கப்பட்ட 289 கி.மீ., கிலோமீட்டருக்கு 136 வாட்-மணி ஆகிறது. இது ஏசி இல்லாமல் 90-இல் செல்வதற்கு நெருக்கம். ஆகவே பயணத் திட்டத்துக்கு இரண்டாவது எண்ணே நம்பத்தக்கது, அதுவும் 90 வரைதான்.

ஐரோப்பிய விவரத்தாளில் இன்னொரு பொறியும் உண்டு. ஐயோனிக்கின் நுகர்வு கிலோமீட்டருக்கு 138 வாட்-மணி என்றும் தூரம் 311 கி.மீ. என்றும் அதில் இருக்கும். ஆனால் 38,300-ஐ 138-ஆல் வகுத்தால் 278 தான் வரும். அச்சுப்பிழை அல்ல: அந்த 138, சார்ஜ் செய்யும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுவரில் அளந்தது. மின்கட்டணத்துக்கு அது சரியான எண், ஓடுதூரத்துக்குத் தவறான எண்.

காரின் திரை காட்டும் மீதித் தூரம் அண்மையில் ஓட்டிய விதத்திலிருந்து ஊகிக்கப்படுவதால், ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டிவிட்டு நெடுஞ்சாலை ஏறும் நாளில் அது மிகையாகவே இருக்கும். அதைவிட, பயண மீட்டரைச் சுழியமாக்கி, ஒரே வேகத்தில் 25 கி.மீ. போய் அதே சாலையில் திரும்பி வந்து சராசரியைக் குறித்துக்கொள்வது மேல். ஏற்றமும் காற்றும் பெரும்பகுதி கழிந்துவிடும். திரை ஒரு யூனிட்டுக்கு இத்தனை கி.மீ. என்று காட்டினால், 1,000-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

நெடும்பயணத்தில் பேட்டரி 80-இலிருந்து 10 விழுக்காடு வரையே பயன்படும் என்றால், கோனாவுக்குக் கையில் இருப்பது 27.4 கிலோவாட்-மணி. அது 90-இல் 189 கி.மீ., 120-இல் 133 கி.மீ. தரும். மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், 90-இல் செல்லும் கார் 110-இன் காற்றுத்தடையைச் சந்திக்கிறது. நுகர்வு 186 வாட்-மணிக்கு ஏறி, அந்த 189 கி.மீ. சுமார் 147 ஆகிவிடும்.